“கஸ்டம்ஸில் ப்ராசஸில் இருக்கிறது”: தாமதமான சரக்கின் நிலையை ஃபார்வர்டரிடம் கேட்பது எப்படி

சாயப்பட்டறை இயந்திரங்களுக்கான உதிரி பாகங்கள் ஒரு இருபது அடி கண்டெய்னரில் நிங்போவிலிருந்து சென்னைக்கு வந்தன. கப்பல் வந்தது 5-ம் தேதி, புதன்கிழமை. அடுத்த எட்டு நாட்களில் திருப்பூரிலிருந்து நான் மூன்று முறை ஃபார்வர்டர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் ஒரே பதில்தான்: “கஸ்டம்ஸ்ல ப்ராசஸ்ல இருக்குதுங்க சார், நாளைக்கு முடிஞ்சிரும்.”

போனை எடுத்த தம்பி பொய் சொல்லவில்லை. அவர் முன்னால் அன்றைக்கு நாற்பது சரக்குகள் இருந்திருக்கும். “நம்ம கண்டெய்னர் என்னாச்சு தம்பி?” என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். சரக்கு எந்த இடத்தில், யார் கையில், எதற்காக நிற்கிறது என்று அவர் தேடிப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாதபடி கேள்வி இருக்க வேண்டும். அதற்கு முதலில் நம் கையில் சில எண்கள் இருக்க வேண்டும். கடல் வழியாக சென்னைக்கு வரும் முழுக் கண்டெய்னரை வைத்து இதை விளக்குகிறேன். தூத்துக்குடிக்கும் இதே வழிதான்.

முதலில், யாரிடம் கேட்கிறோம்?

ஃபார்வர்டரும் க்ளியரிங் ஏஜெண்டும் ஒரே ஆள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஃபார்வர்டரின் வேலை கப்பலில் இடம் பிடிப்பது, சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது, சரக்கை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டெலிவரி ஆர்டரைக் கொடுப்பது. சுங்கத்துறையில் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதிச் சரக்கின் அறிவிப்பை, போடுபவர் உரிமம் பெற்ற சுங்கத் தரகர், அவர்தான் க்ளியரிங் ஏஜெண்ட். பழைய பழக்கத்தில் சிஹெச்ஏ என்கிறோம். பெரிய ஃபார்வர்டர்கள் இரண்டையும் செய்வார்கள். சிறியவர்கள் தெரிந்த ஒரு சிஹெச்ஏவிடம் வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது நம் கேள்வி ஃபார்வர்டரிடம் போய், அங்கிருந்து சிஹெச்ஏவிடம் போய், அவருடைய துறைமுக ஆளிடம் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒருவர் மறந்தால் நமக்குக் கிடைப்பது அந்த “ப்ராசஸ்”தான்.

அதனால் பில் ஆஃப் என்ட்ரியின் நகலை எடுத்து, அதை யார் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேறு சிஹெச்ஏ என்றால் ஃபார்வர்டருக்கு எழுதும் மடலிலேயே அவரையும் சேர்த்துவிடுங்கள். சிஹெச்ஏவை நீங்களே தனியாக அமர்த்தியிருந்தால் சுங்க நிலவரம் ஃபார்வர்டருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது டெலிவரி ஆர்டர் பற்றி மட்டும்தான்.

எண்களைச் சேர்த்து வைப்பது

ஒரு சரக்குக்குப் பல பெயர்கள் உண்டு. ஃபார்வர்டர் அதை ஒரு எண்ணால் தேடுவார், கப்பல் கம்பெனி இன்னொன்றால், சுங்கத்துறை வேறொன்றால். ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால் மற்றதை அவர்கள் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடலிலேயே அரை நாள் போய்விடும்.

பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது, இரண்டு இருக்கும் என்பதை முதலில் மனதில் வையுங்கள். சுருக்கமாக பிஎல். கப்பல் கம்பெனி ஃபார்வர்டருக்குக் கொடுப்பது மாஸ்டர் பிஎல். ஃபார்வர்டர் நமக்குக் கொடுப்பது ஹவுஸ் பிஎல். ஃபார்வர்டர் அலுவலகத்தில் பெரும்பாலும் ஹவுஸ் எண்ணைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் ஹவுஸ் எண்ணைக் கொடுத்தால் எதுவும் வராது, மாஸ்டர் எண் வேண்டும். இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து கண்டெய்னர் எண். நான்கு எழுத்துகள், அப்புறம் ஏழு இலக்கங்கள். கடைசி இலக்கம் முன்னால் இருப்பவற்றை வைத்துக் கணக்கிட்ட சோதனை இலக்கம். உதாரணமாக `ABCU1234560` என்பதில் கடைசியில் இருக்கும் 0 அப்படி வந்தது. நடுவில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது, “இப்படி ஒரு கண்டெய்னரே இல்லை” என்று பதில் வரும். பேக்கிங் லிஸ்டைப் பார்த்துக் கையால் அடிக்காமல் பிஎல்லிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

கப்பல் கொண்டுவந்த சரக்குப் பட்டியலுக்கு ஐஜிஎம் என்று பெயர். அதற்கு ஒரு எண்ணும் தேதியும் உண்டு. அந்தப் பட்டியலில் நம் சரக்கு எத்தனையாவது வரி என்பது லைன் எண். ஹவுஸ் பிஎல் இருந்தால் சப்லைன் எண்ணும் இருக்கும். கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் அதன் தேதியும், துறைமுகக் குறியீடும். சென்னைத் துறைமுகம் `INMAA1`, தூத்துக்குடி `INTUT1`. பில் ஆஃப் என்ட்ரி எண்ணைத் தேதி இல்லாமல் கொடுத்தால் பயனில்லை. தேடும்போது இரண்டும் சேர்ந்துதான் கேட்கும்.

பில் ஆஃப் என்ட்ரி எண் உங்களிடம் இல்லை, கேட்டும் இரண்டு நாளாக வரவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். இன்னும் பில் ஆஃப் என்ட்ரியே போடாமல் இருக்கலாம். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட வேண்டும் என்பது பொது விதி. இலங்கை போன்ற பக்கத்து நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு மட்டும் சலுகை உண்டு. தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இப்படி ஒரு நிலையில் மற்றக் கேள்விகளை விட்டுவிட்டு, “பில் ஆஃப் என்ட்ரி போட்டாயிற்றா? இல்லை என்றால் எந்தத் தாள் குறைகிறது?” என்று அதை மட்டும் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் நாமே பார்ப்பது

சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரியின் நிலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துறைமுகம், எண், தேதி கொடுத்தால் போதும். இதைப் பார்க்காமல் ஃபார்வர்டருக்கு எழுதாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து நிமிட வேலை, ஆனால் கேள்வியே மாறிவிடும்.

13-ம் தேதி காலையில் நான் அதைத் திறந்தேன். பில் ஆஃப் என்ட்ரி 4-ம் தேதியே போட்டிருந்தார்கள், அதில் தவறில்லை. அதிகாரி 7-ம் தேதி விளக்கம் கேட்டு ஒரு குவெரி எழுப்பியிருந்தார். பதில் போகவில்லை. அதாவது ஆறு நாட்களாகச் சரக்கு சுங்கத்துறையின் மேசையில் இல்லை, நம் தரப்பின் மேசையில் இருந்தது. “கஸ்டம்ஸில் ப்ராசஸில் இருக்கிறது” என்ற பதில் அந்த ஒரு விஷயத்தைத்தான் மறைத்துவிட்டது.

இப்போது மதிப்பீடு முகமறியா முறையில் நடக்கிறது. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கி, அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. சென்னையில் இறங்கிய சரக்கின் தாளை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். முன்பெல்லாம் சிஹெச்ஏவின் ஆள் ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்கு நேரில் போய் “என்ன சார் வேணும்?” என்று கேட்டு வருவார். இப்போது குவெரி கணினியில் வரும், பதிலும் கணினியில்தான் போக வேண்டும். சிஹெச்ஏ அலுவலகத்தில் அந்தத் திரையை யாரும் திறந்து பார்க்கவில்லை என்றால் குவெரி அப்படியே கிடக்கும். இப்போது நடக்கும் தாமதங்களில் இந்த வகையை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தளத்தில் தெரிவதை வைத்து, சரக்கு யார் கையில் நிற்கிறது என்று பிரித்துக்கொள்ளலாம்.

குவெரி எழுப்பப்பட்டு பதில் இல்லை என்றால் பந்து நம் பக்கம். பதில் போய்விட்டது, அதற்குப் பிறகு அசைவில்லை என்றால் அதிகாரியிடம் நிற்கிறது. மதிப்பீடு முடிந்து வரி கட்டவில்லை என்றால், வரிச் சலான் நம் கணக்குப் பிரிவுக்கு வந்ததா என்று முதலில் உள்ளேயே கேளுங்கள். அதிகாரி மதிப்பிட்டுத் திருப்பி அனுப்பிய பில் என்றால் விடுமுறை நீங்கலாக ஒரு நாளுக்குள் வரி கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. வரி கட்டியாயிற்று, ஆனாலும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் பரிசோதனை பாக்கி. அது சிஎஃப்எஸ்ஸில், அதாவது துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கண்டெய்னர் நிலையத்தில் நடக்கும். கண்டெய்னர் துறைமுகத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

பதிவு எல்லாம் சரியாக இருந்தும் மேலே நகரவில்லை என்றால் ஐஜிஎம்மைப் பாருங்கள். பெட்டி எண்ணிக்கையோ எடையோ பில் ஆஃப் என்ட்ரியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், ஹவுஸ் பிஎல் வரியே சேர்க்கப்படாமல் இருக்கலாம். அதைத் திருத்த வேண்டியது பட்டியலைத் தாக்கல் செய்த தரப்பு, அதாவது கப்பல் கம்பெனியோ ஃபார்வர்டரோதான். நாமோ சிஹெச்ஏவோ திருத்த முடியாது.

அவுட் ஆஃப் சார்ஜ் தேதி விழுந்துவிட்டதா என்பதை மறக்காமல் பாருங்கள். அது விழுந்துவிட்டால் சுங்கத்துறையின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் “கஸ்டம்ஸ்” என்ற பதில் வந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் டெலிவரி ஆர்டர் கிடைத்திருக்காது. ஹவுஸ் பிஎல்லின் அசல் நம்மிடமிருந்து போயிருக்காது, அல்லது ஃபார்வர்டர் கப்பல் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தை இன்னும் கட்டியிருக்க மாட்டார். இதை நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம்: “அவுட் ஆஃப் சார்ஜ் இன்ன தேதியில் கிடைத்துவிட்டது. டெலிவரி ஆர்டர் எடுத்தாயிற்றா? எது வரை செல்லும்?”

மடல் எழுதுவது

போன் செய்வதற்கு முன் மடல் போக வேண்டும். போனில் சொன்ன தேதியை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கான டிடென்ஷன் பில் வரும்போது, எந்தத் தேதியில் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

தலைப்பு வரியிலேயே எண்களையும் கெடு தேதியையும், அதாவது வாடகை இல்லாத ஃப்ரீ டேஸ் முடியும் நாளையும், வையுங்கள். அன்று நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது. எண்கள் மட்டும் மாதிரிக்காக மாற்றியவை. எங்கள் ஃபார்வர்டர் அலுவலகத்தில் எல்லாரும் தமிழ் ஆட்கள் என்பதால் தமிழிலேயே எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதே வரிசையை வைத்துக்கொள்ளலாம்.

தலைப்பு: ஹவுஸ் பிஎல் `XYZNGB03117` / பிஇ `1234567` தேதி 04.03 / `ABCU1234560` – 07.03 குவெரி நிலுவை, ஃப்ரீ டேஸ் 18.03 வரை

வணக்கம் சார்,

நிங்போவிலிருந்து சென்னை (`INMAA1`) வந்த எங்கள் சரக்கைப் பற்றி எழுதுகிறேன். ஹவுஸ் பிஎல் `XYZNGB03117`, மாஸ்டர் பிஎல் `ABCDNB445566`, ஐஜிஎம் `2345678`, லைன் 45, சப்லைன் 1. கண்டெய்னர் `ABCU1234560`, இருபது அடி, 212 பெட்டிகள். கப்பலிலிருந்து இறங்கிய தேதி 05.03.

இன்று காலை ஐஸ்கேட்டில் பார்த்தேன். 07.03 அன்று குவெரி எழுப்பப்பட்டிருக்கிறது. இதுவரை பதில் பதிவாகவில்லை.

கீழ்க்கண்டவற்றை இன்று மாலை 4 மணிக்குள் தெரிவிக்கவும்.

1. குவெரியின் வாசகம், அதிகாரி எழுதியது எழுதியபடி.
2. பதிலுக்கு எங்களிடமிருந்து எந்தத் தாள் தேவை? எங்கள் பக்கம் எதுவும் பாக்கி இல்லை என்றால் அதையும் எழுதவும்.
3. கண்டெய்னர் இப்போது எந்த சிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது, அங்கே வாடகை எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது?
4. கப்பல் கம்பெனியின் ஃப்ரீ டேஸ் 18.03 அன்று முடிவதாக எங்கள் கணக்கு. சரிதானா?

தேவையான தாளை இன்றே அனுப்ப எங்கள் ஸ்டோர்ஸ் தயாராக இருக்கிறது. 4.15-க்குப் போனில் அழைக்கிறேன்.

மடல் அவ்வளவுதான். நான்கு கேள்விகளுக்கு மேல் கேட்டால் எளிதான இரண்டுக்கு மட்டும் பதில் வரும். கோபத்தையும் இதில் சேர்க்காதீர்கள். “ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை?” என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதற்குரிய மடலைச் சரக்கு வெளியே வந்த பிறகு எழுதுங்கள். இப்போது எழுதினால் பதில் முழுக்க விளக்கமாக இருக்கும், குவெரியின் வாசகம் வராது.

முதல் கேள்விதான் மடலின் உயிர். குவெரி இருக்கிறது என்பது பொதுப் பக்கத்தில் தெரியும். அதன் வாசகத்தைத் தரகரின் கணக்கிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். “ஏதோ கேட்லாக் கேக்கறாங்க” என்று சுருக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அன்று மாலை வந்த வாசகத்தின் சாரம் இது: ஐந்தாவது பொருளான வால்வை, சாய இயந்திரத்தின் பாகம் என்று 8451 என்ற சுங்கத் தலைப்பில் ஏன் போட்டிருக்கிறீர்கள்? கேட்லாக்கும் பயன்பாட்டு விளக்கமும் தருக.

வெறும் கேட்லாக் என்று நினைத்துப் படங்களை மட்டும் அனுப்பியிருந்தால் இரண்டாவது குவெரி நிச்சயம் வந்திருக்கும். கேள்வி வகைப்பாட்டைப் பற்றியது. வால்வுக்கு 8481 என்று தனித் தலைப்பு இருக்கிறது. அப்படித் தனித் தலைப்பு உள்ள பொருள், எந்த இயந்திரத்துக்காக வாங்கியதாக இருந்தாலும், தன் தலைப்பிலேயே வகைப்பட வேண்டும் என்று சுங்க அட்டவணையின் பதினாறாம் பிரிவுக் குறிப்பு சொல்கிறது. அதிகாரி கேட்டது சரி. நாங்கள் எதிர்வாதம் செய்யவில்லை. கேட்லாக், பயன்பாட்டைப் பற்றி ஒரு பக்க விளக்கம், 8481-க்கு மாற்றச் சம்மதம் என்று எழுதிய கடிதம் மூன்றையும் ஒன்றாக அனுப்பினோம். சிஹெச்ஏ அவற்றை, சுங்கத்துறைக்குத் தாள்களை அனுப்பும் இ-சஞ்சித்தில் ஏற்றி அன்று இரவே பதில் கொடுத்துவிட்டார்.

பதிலைப் படிப்பது, பின்தொடர்வது

நல்ல பதிலில் ஒரு நிலை, ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி இருக்கும். “குவெரிக்குப் பதில் 13.03 இரவு கொடுத்தாயிற்று, அதிகாரியிடம் நிலுவை, நாளை மாலை மறுபடி பார்ப்போம்” என்பது நல்ல பதில். “விரைவில் முடியும்” என்பது பதிலே இல்லை. அப்படி வந்தால் அதே மடலுக்குப் பதிலாக, விடுபட்ட கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டு மறுபடி கேளுங்கள். புதிய மடல் தொடங்காதீர்கள், பழைய எண்களெல்லாம் அந்தத் தொடரில்தான் இருக்கின்றன.

அடுத்து எப்போது கேட்பது என்பதையும் சரக்கு நிற்கும் நிலையே முடிவு செய்யும். குவெரி நம் பக்கம் இருந்தால் அன்றைக்கே, தேவைப்பட்டால் இரண்டு முறை. பதில் போய் அதிகாரியிடம் இருந்தால் அடுத்த வேலை நாள் மதியம் ஐஸ்கேட்டைப் பார்த்துவிட்டு. பரிசோதனை என்றால் காலையிலேயே கேளுங்கள். சிஎஃப்எஸ்ஸில் ஆட்களையும் ஃபோர்க்லிஃப்டையும் காலையில் ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த நாள் போனது போனதுதான்.

பதில் போன பிறகும் அதிகாரி தரப்பில் அசைவே இல்லை என்றால் ஃபார்வர்டரை நெருக்கிப் பயனில்லை. மதிப்பீட்டிலோ பரிசோதனையிலோ தேங்கும் பில்களுக்காக ஐஸ்கேட்டிலேயே ஒரு முறையீட்டு வசதி 2021-ல் வந்தது. இறக்குமதியாளரும் போடலாம், தரகரும் போடலாம். அதிகாரி யார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. துறைமுகத்தில் துரந்த் சுவிதா கேந்திரம் என்ற உதவி மையமும் இருக்கிறது. அப்போது ஃபார்வர்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “முறையீட்டை நீங்கள் போடுகிறீர்களா, நாங்கள் போடட்டுமா?” ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பதில் பாக்கி இருக்கும்போது முறையீடு போட்டால் எதுவும் நகராது.

ஓடிக்கொண்டிருக்கும் வாடகைகள்

நிலவரம் கேட்கும்போது கூடவே கேட்க வேண்டியது செலவு. இரண்டு வாடகைகள் ஒரே நேரத்தில் ஓடும். சரக்கு நிற்கும் இடத்துக்கு சிஎஃப்எஸ் வாங்குவது ஒன்று. கண்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி வாங்கும் டிடென்ஷன் இன்னொன்று. இரண்டுக்கும் இலவச நாட்கள் வேறு, தொடங்கும் நாளும் வேறு.

டிடென்ஷன் நிற்பது கண்டெய்னர் சிஎஃப்எஸ் வாசலைத் தாண்டும் நாளில் அல்ல, காலிக் கண்டெய்னர் கப்பல் கம்பெனி சொன்ன யார்டில் திரும்பி இறங்கும் நாளில். எங்களுக்கு 14 நாள் இலவசம், 5-ம் தேதியையும் சேர்த்து எண்ணினால் 18-ல் முடிந்தது. 14-ம் தேதி வெள்ளிக்கிழமை மதிப்பீடு முடிந்தது, அன்றே வரி கட்டினோம். திங்கள் 17-ம் தேதி பரிசோதனை, மாலையில் அவுட் ஆஃப் சார்ஜ். இனிமேல் கண்டெய்னரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து, இறக்கி, காலியாகச் சென்னைக்கு அனுப்பினால் இன்னும் மூன்று நான்கு நாள் வாடகை ஏறும். அதனால் 15-ம் தேதியே ஃபார்வர்டரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு வைத்திருந்தேன்: டெலிவரி ஆர்டரில் சிஎஃப்எஸ்ஸிலேயே சரக்கை இறக்க அனுமதி இருக்கிறதா, காலிக் கண்டெய்னரை எந்த யார்டில் விட வேண்டும்.

18-ம் தேதி சிஎஃப்எஸ்ஸில் 212 பெட்டிகளையும் லாரிக்கு மாற்றி முடிக்கும்போது இருட்டிவிட்டது. காலிக் கண்டெய்னர் 19-ம் தேதி காலை யார்டில் இறங்கியது. ஒரு நாள் டிடென்ஷன் கட்டினோம். சரக்கு வந்து சேர்ந்த பிறகு, 7-ம் தேதி குவெரியை எங்களுக்கு 13-ம் தேதி வரை சொல்லாதது ஏன் என்று அதே மடல் தொடரில் கேட்டேன். சிஎஃப்எஸ் வாடகையில் ஒரு பகுதியை அவர்கள் தங்கள் பில்லில் குறைத்துக்கொடுத்தார்கள். குவெரி விழுந்த அன்றே அதன் வாசகத்தோடு எங்களுக்கு மடல் வர வேண்டும் என்பதை அடுத்த சரக்குக்கான ஒப்புதல் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டோம்.